பில்லரசுக்கு எழுதிய கடிதங்கள்

முதல் கடிதத்தைச் சொன்னவர் வீரய்யா, எழுதியவர் கனகசபை. லுணுகலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வீரய்யா ஹாட்வெயார் ஸ்டோர்ஸில், 2005ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பெயின்ட் டின்களுக்கும் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்திகளுக்கும் நடுவே அது உருவானது. கனகசபை பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருந்தார். காலையில் பத்திரிகை படிக்க இறங்கி வருவார். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் ஏறிப் போவார்.

"இங்கிலிசில எழுதுவமோ, தமிழிலயோ?" என்று பேனாவைத் திறந்தார் கனகசபை.

"தமிழ்லயே எழுதுங்கய்யா. திட்டுனா அவனுகளுக்குப் புரியணும்ல."

கடிதம் இப்படி அமைந்தது:

"நித்திலா சிஸ்டம்ஸ், வெள்ளவத்தை. ஐயா, தாங்கள் எமக்கு விற்ற 'பில்லரசு' என்னும் மென்பொருள் பில் போடுகிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிராக்மோர் தோட்டத்துக்கு நாம் கொடுத்த வரிப் பில்களின் பட்டியலை டிஸ்கெட்டில் ஏற்றச் சொன்னால், 'டேட்டா எரர்' என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. எந்தத் தரவு, என்ன பிழை என்று சொல்வதில்லை. எமது கடைக்கு ஒருவர் பூட்டு வாங்க வந்து, 'பூட்டில் பிழை' என்று மட்டும் நாம் சொல்லிக் கதவைச் சாத்தினால் அவர் எம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ, அதையே தங்களைப் பற்றி நாம் நினைக்கிறோம். குறித்த பட்டியலை அச்சிட்டு இத்துடன் இணைத்துள்ளோம். உடனடியாகக் கவனிக்கவும்."

கனகசபை எழுதிக்கொண்டிருந்தபோதே ஒரு தோட்டத்து மேசன் வந்து முக்கால் அங்குல ஸ்குரூ இரண்டு டசின் கேட்டார். வீரய்யா அவற்றை மேசையில் கொட்டி, விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்: "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." கடிதத்துக்கு வாசகம் சொல்வதும் எண்ணுவதும் ஒன்றாகவே நடந்தன. இரண்டிலும் பிசகவில்லை.

பில் போடும் ஜெமீலா கடிதத்தோடு பட்டியலின் பிரதியை வைத்துத் தைத்தாள். பஸ் நிலையத்துத் தொலைத்தொடர்பு நிலையத்திலிருந்து இரண்டும் ஃபக்ஸில் கொழும்புக்குப் போயின.

வீரய்யாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பிராக்மோர் தோட்டத்துக்கு மண்வெட்டி முதல் தகரம்வரை பத்து வருடமாக அவர் கடையிலிருந்துதான் போகிறது. தோட்டத்தை நடத்தும் கம்பெனி, தான் பொருள் வாங்கும்போது கட்டிய வற் என்னும் பெறுமதி சேர் வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். அதற்கு ஒவ்வொரு வரிப் பில்லின் இலக்கமும் திகதியும் தொகையும் வரியும் விற்றவரின் வற் இலக்கமும் வேண்டும். இதுவரை தோட்டத்து எழுதுவினைஞர்கள் கையால் எழுதி அனுப்பினார்கள். இந்த வருடம் கொழும்பு அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. காலாண்டுக்கு ஒரு தடவை பட்டியலை, பொருள் கொடுப்பவரே, அவர்கள் சொன்ன அமைப்பில் டிஸ்கெட்டில் தர வேண்டும். ஜூலை இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் தோட்டத்து அலுவலகத்தில் தராதவர்களின் பெயர், பொருள் கொடுப்போர் பதிவிலிருந்து நீக்கப்படும். பண்டாரவளையில் ஒரு பெரிய ஹாட்வெயார்க்காரன் அந்த இடத்துக்கு ஆறு மாதமாக வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தான். தோட்டம் போனால் வீரய்யாவுக்கு மிஞ்சுவது, இரண்டு டசின் ஸ்குரூ வாங்கும் மேசன்மார்தான்.

இதற்காகத்தான் கம்பியூட்டரும் பில்லரசும் வந்தன. சித்திரை வருஷப் பிறப்பன்று சுபநேரத்தில் அதில் முதல் பில் போடப்பட்டது. முதல் பில்லை யாருக்குப் போடுவது என்பதில் வீரய்யாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பிராக்மோரின் பெரிய கிளாக்கர் விஜேந்திரன் கைராசிக்காரர் என்று லுணுகலையில் பெயர் எடுத்தவர். அவர் கையால் அட்வான்ஸ் கொடுத்த லொறி கவிழ்ந்ததில்லை. அவரைப் புது வேட்டியோடு அழைத்து வந்து, தோட்டத்தின் பெயரில் ஒரு கிலோ இரண்டங்குல ஆணி வாங்கவைத்து, வெற்றிலைத் தட்டில் வைத்துப் பில்லைக் கொடுத்தார். கனகசபை படம் எடுத்தார். படத்தில் விஜேந்திரன், ஆணிப் பொதி, கம்பியூட்டரின் பாதி.

நித்திலா சிஸ்டம்ஸின் பதில் நாலு நாளில் வந்தது. மலைநாட்டில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் இப்படியான கோளாறுகள் வருவதுண்டு என்றும், ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் பொருத்துமாறும், அதைத் தாங்களே விற்பதாகவும் எழுதியிருந்தார்கள். பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"கரன்ட் ஏறி எறங்குறது பில்லு போடுறப்ப இல்லையாம், டிஸ்கெட்டுக்குப் போறப்ப மட்டும் ஏறி எறங்குதாம்" என்றார் வீரய்யா. "கரன்டுக்கும் கொழும்புக்கும் அவ்வளவு பழக்கம்."

இரண்டாவது கடிதம் சூடாகவே போனது.

"ஐயா, எமது கடையில் ஸ்டெபிலைசர் ஏற்கெனவே உண்டு. அது தங்கள் மென்பொருளைவிட நிலையாக இருக்கிறது. நாம் மூன்று டிஸ்கெட்டுகளை மாற்றிப் பார்த்தோம்; மூன்றிலும் அதே பிழை. பட்டியலை அச்சிட்டால் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் வருகிறது. அச்சில் வருவது டிஸ்கெட்டில் வராததற்குக் காரணம் மின்னழுத்தமா, மன அழுத்தமா என்பதைத் தங்கள் நிபுணர்கள் ஆராயட்டும். பட்டியலை மறுபடியும் இணைத்துள்ளோம். சென்ற முறை இணைத்தது தங்கள் அலுவலகத்தில் வடை மடிக்கப் பயன்பட்டிருந்தால், இம்முறை இரண்டு பிரதிகள் உள."

"'உள' எண்டு முடிச்சால் கனதியாக இருக்கும்" என்றார் கனகசபை.

"இருக்கட்டுங்கய்யா. கனமா இருந்தாத்தான் தலையில விழும்."

இதற்குப் பதில், புதிய பதிப்பு ஒன்று வந்திருப்பதாகவும் அதை நிறுவினால் பல பிழைகள் நீங்கும் என்றும் வந்தது. தபாலில் ஒரு சீடியும் வந்தது. ஜெமீலா அதை நிறுவினாள். பில்லரசின் முகப்பில் இருந்த நீல நிறம் பச்சையானது. மூலையில் ஒரு மயில் வந்து உட்கார்ந்தது. 'டேட்டா எரர்' அப்படியே இருந்தது. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"நல்லாக் கண் தெரியாதவங்களுக்கும் இனி விளங்கும் மொதலாளி" என்றாள் ஜெமீலா.

மூன்றாவது கடிதத்தில் கனகசபை கச்சேரியில் முப்பது வருடம் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் இறக்கினார். நுகர்வோர் உரிமை வந்தது, நீதிமன்றம் வந்தது, மயிலும் வந்தது. 'மயிலைத் திருப்பி அனுப்பத் தயாராக உள்ளோம். பட்டியலை அனுப்பும் வழியைத் தரவும்' என்ற வரிக்காக வீரய்யா அவருக்கு பால் விடாத பிளேன்டி ஒன்று கூடுதலாக வாங்கிக் கொடுத்தார். பட்டியல் மூன்றாவது தடவையாகவும் தைக்கப்பட்டது.

கெடுவுக்கு இரண்டு நாள் முன், புதன்கிழமை, விஜேந்திரனே கடைக்கு வந்தார். பெரிய கிளாக்கர் வருகிறார் என்றால் வீரய்யா எழுந்து நிற்பது வழக்கம். அன்று கொஞ்சம் தாமதமாக எழுந்தார்.

"வீரய்யா, வெள்ளிக்கெழம பன்னண்டு மணி. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குங்க. கம்பியூட்டருக்குத்தான் இல்ல. நம்ம பட்டியல கடுதாசியில வாங்கிக்கிட மாட்டீங்களா?"

"நான் வாங்குவேன். கொழும்பு வாங்காது. எழுத்துக்கு எழுத்து பில்லும் பட்டியலும் ஒத்துப்போகணும்னு சொல்லியிருக்கான். ஒரு எழுத்து மாறுனா முழுப் பட்டியலும் திரும்பி வந்துரும். நான் சட்டம் போடலப்பா, ஒப்பு மட்டும்தான் பாக்குறேன்."

"கைராசிக்காரரு நீங்க. ஒங்க கையால தொடங்குனது இப்படி நிக்குதே."

"என் கைராசி ஆணியோட சரி. டிஸ்கெட்டுக்கெல்லாம் நான் உத்தரவாதம் குடுக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார் விஜேந்திரன்.

மூன்றாவது கடிதத்தின் 'நீதிமன்றம்' வேலை செய்தது. வியாழக்கிழமை மத்தியானம், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி, பதுளையில் மாறி, தனேஸ்வரன் வந்து இறங்கினார். முப்பது வயதுக்குள் இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், சுன்னாகத்தில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்ததாம். பில்லரசை எழுதிய இருவரில் ஒருவர் தாம் என்று சொன்னார். மற்றவர் கனடாவுக்குப் போய்விட்டதாகவும், பிழைகள் பெரும்பாலும் அவருடைய பகுதியில்தான் என்றும் சொன்னார்.

"எங்கட கடிதங்கள் கிடைச்சதோ?" என்று கேட்டார் கனகசபை.

"கிடைச்சது ஐயா. ஒஃபிசில எல்லாரும் வாசிச்சவை. அந்த வடைக் கதை நல்லாயிருந்தது."

"பட்டியலையும் வாசிச்சியளோ?"

தனேஸ்வரன் கம்பியூட்டரை இயக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

முதலில் டிஸ்கெட் டிரைவைச் சந்தேகித்தார். ஒரு வேறு கோப்பை அதில் எழுதினார், ஒழுங்காகப் போனது. பிறகு வற் இலக்கத்தைச் சந்தேகித்தார். அது எல்லாப் பில்லிலும் ஒன்றே, சரியாகவே இருந்தது. திகதிகளைப் பார்த்தார். தொகைகளைக் கூட்டினார். வரிப் பில் வாங்குவது பிராக்மோர் மட்டும்தான்; அதனால் வரிசையாக இருக்க வேண்டிய பில் இலக்கங்கள் இடையில் விடுபட்டிருக்கின்றனவா என்று அச்சிட்ட பட்டியலில் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார்: "லாபம், ரெண்டு, மூண்டு, நாலு..." கடைசிவரை ஒன்றும் விடுபடவில்லை.

"இலக்கம் ஒழுங்கு" என்றார்.

"ஒழுங்கா இல்லாம எப்படிப் போகும்? நானே பக்கத்துல நின்னு போட வச்சது" என்றார் வீரய்யா.

கடைசியில் தனேஸ்வரன் எல்லாப் பொறியியலாளரும் களைத்த பிறகு செய்வதைச் செய்தார். தரவைப் பிரதி எடுத்து, பட்டியலை இரண்டாக வெட்டினார். பின்பாதி டிஸ்கெட்டில் ஏறிவிட்டது. கடையில் அன்று முதல் தடவையாகப் பச்சை மயிலின் கீழே 'ஏற்றுமதி முடிந்தது' என்று வந்தது. ஜெமீலா கைதட்டினாள். முன்பாதி நின்றது. அதை இரண்டாக வெட்டினார். அதிலும் பின்பாதி ஏறியது. இப்படி வெட்டிக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு பில் நின்றது: பிராக்மோர் தோட்டம், வருஷப் பிறப்பு, இரண்டங்குல ஆணி ஒரு கிலோ.

நாலு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"திகதி சரி" என்றார் தனேஸ்வரன். "தொகை சரி. வரி பதினைஞ்சு வீதம், சரி. இலக்கம் லாபம், சரி..."

அதோடு நிறுத்தினார். பிறகு, தன் வாயில் வந்தது என்ன என்று தானே கேட்டுப் பார்ப்பவரைப் போல, மெதுவாகத் திரும்பினார்.

"தங்கச்சி, முதல் பில்லுக்கு இலக்கம் என்னெண்டு அடிச்சனீங்கள்?"

"அதுல இருக்கிறதுதான். எல், ஏ, பி, ஏ, எம்."

"ஏன் ஒண்டு எண்டு அடிக்கேல்ல?"

"நான் ஒண்ணுதான் அடிச்சேன். மொதலாளிதான் சத்தம் போட்டாரு."

வீரய்யாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "என்னங்க கேள்வி இது? வருஷப் பொறப்பு அன்னைக்கு, சுபநேரத்துல, மொதப் பில்லு. எடுத்த எடுப்புல ஒண்ணுன்னு எந்த யாவாரி எண்ணுவான்? ஒங்கப்பா அரிசி அளக்குறப்ப என்ன சொல்வாரு?"

"லாபம் எண்டுதான்" என்று ஒப்புக்கொண்டார் தனேஸ்வரன்.

"அப்புறம்?"

"அப்புறம், பில்லரசு யாவாரி இல்லை அண்ணை. இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில எழுத்தைக் கண்டால் அதுக்கு விளங்காது. கொழும்புக் கம்பெனி கேட்கிற அமைப்பில பில் இலக்கம் எண் மட்டும்தான். டிஸ்கெட்டுக்கு எழுதேக்க அந்த எழுத்தை எண்ணாக மாத்தப் பாத்து, ஏலாமல் நிக்குது."

"அப்ப அன்னைக்கு ஏன் வாங்கிக்கிட்டுச்சு? 'லாபம் வேணாம், ஒண்ணு போடு'ன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. வாசல்ல வரவேற்று உள்ள உக்கார வச்சு, மூணு மாசம் கழிச்சு 'ஆளு சரியில்ல'ங்குது. அதுவும் எந்த ஆளுன்னு சொல்லாம."

இதற்குத் தனேஸ்வரனிடம் பதில் இருந்தது. ஆனால் அது அவருக்குச் சாதகமாக இல்லை. சில கடைகள் பில் இலக்கத்தில் எழுத்தும் கேட்டதால், பில் போடும் இடத்தில் எதையும் ஏற்கும்படி எழுதியிருந்தார்கள். ஏற்றுமதிப் பகுதியை எழுதியவர் கனடா போனவர். அவருக்கு அது தெரியாது. இருவரும் ஒரே அறையில் ஒன்றரை வருடம் எதிரெதிரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

கனகசபை மூன்று கடிதங்களின் பிரதிகளையும் மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றோடும் பட்டியல். ஒவ்வொரு பட்டியலிலும் முதல் வரி, முதல் கட்டம். தான் கையால் தொட்டுத் தைக்கக் கொடுத்தது. கச்சேரியில் முப்பது வருடம் மற்றவர்களின் படிவங்களில் பிழை பிடித்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் லாபம் எண்டுதான் வாசிச்சிருக்கிறன்" என்றார்.

"இப்ப என்ன, ஒண்டு எண்டு மாத்தினால் முடிஞ்சுது" என்று விசைப்பலகையில் கை வைத்தார் தனேஸ்வரன்.

வீரய்யா அவர் கையைப் பிடித்தார். மாற்றக் கூடாது என்பதல்ல. அசல் பில் விஜேந்திரனின் கோப்பில் இருக்கிறது. அதில் லாபம் என்று அச்சாகியிருக்கிறது. டிஸ்கெட்டில் ஒன்று என்று போனால், எழுத்துக்கு எழுத்து ஒப்புப் பார்க்கும் மனிதர் அதை எப்படி ஏற்பார்? கொடுத்த வரிப் பில்லைக் கம்பியூட்டருக்குள் திருத்துவது கடைக்காரன் வேலையும் இல்லை. மிஞ்சுவது ஒரே வழி: அசலைத் திரும்ப வாங்கி, ரத்து என்று எழுதி வைத்துக்கொண்டு, அந்த ஆணிக்குப் புதிய இலக்கத்தில் புதிய பில் போட வேண்டும். ரத்தான பில்லைப் பில்லரசு பட்டியலில் சேர்ப்பதில்லை. புதிய பில் அடுத்த காலாண்டுக்குப் போகும். கம்பெனிக்கு ஒரு கிலோ ஆணியின் வரி மூன்று மாதம் பிந்தும், அவ்வளவுதான்.

கம்பெனிக்கு அவ்வளவுதான். கடையின் முதல் பில்லை, கைராசிக்காரர் கையால் வாங்கியதை, வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்ததைத் தன் கையாலேயே ரத்துச் செய்வது வீரய்யாவுக்கு அவ்வளவுதான் இல்லை. அன்று மாலை கடையை வழக்கத்தைவிட முன்னதாகப் பூட்டினார்.

மறுநாள் காலையில் தனேஸ்வரனையும் கூட்டிக்கொண்டு த்ரீவீலரில் பிராக்மோர் தோட்டத்து அலுவலகத்துக்குப் போனார். விஜேந்திரன் கோப்பைத் திறந்து முதல் பில்லை எடுத்தார். அதைப் பொருள் கிடைத்ததென்று கையெழுத்திட்டு ஏற்றவர் அவர்தான். கணக்கில் பதிந்தவரும் அவர்தான். ஒப்புப் பார்த்துச் சிவப்பில் குறி போட்டவரும் அவரே.

"இலக்கம் லாபம்" என்று படித்தார். "ஆமா. மொதப் பில்லுன்னா லாபம்தான்."

தனேஸ்வரன் அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார். அவருக்கும் விளங்கியது. பிறகு அலுவலகக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"தோட்டத்துத் தொரைக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லீங்க."

"தெரிய வேணாம்." பில்லைக் கழற்றி நீட்டினார். "ரத்துப் போட்டு எழுதிக்க. சீக்கிரம். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிரும்."

"ரத்துப் போடுறதுக்கு ராகுகாலம் பாக்கணுமாங்க?"

"புதுப் பில்லு போடணும்ல வீரய்யா. அதையும் என் கையாலதானே வாங்கணும்?"

வீரய்யா பேனாவைத் திறந்தார். பில்லின் குறுக்கே கோடு இழுத்து 'ரத்து' என்று எழுதும்போது, விஜேந்திரன் ஜன்னலுக்கு வெளியே கொழுந்து லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

த்ரீவீலர் இறக்கத்தில் பறந்தது. பத்தரைக்குப் பதினைந்து நிமிடம் இருக்க, ஜெமீலா பழைய பில்லை ரத்தாக்கிப் புதிய பில்லைப் போட்டாள். இலக்கத்தைப் பில்லரசே தந்தது. யாரும் அதற்கு யோசனை சொல்லவில்லை. டிஸ்கெட் டிரைவுக்குள் போனது. மயிலின் கீழே 'ஏற்றுமதி முடிந்தது' என்று வந்தது. பதினொன்றரை மணிக்கு டிஸ்கெட்டும் புதிய பில்லும் விஜேந்திரனின் மேசையில் இருந்தன. ராகுகாலத்தில் டிஸ்கெட்டைக் கையேற்க அவர் தயங்கினார். பன்னிரண்டுக்கு அதைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் அந்தத் தயக்கம் நீடிக்கவில்லை. பிராக்மோரின் பதிவில் வீரய்யாவின் பெயர் நிலைத்தது. பண்டாரவளைக்காரன் வாயை மூடிக்கொண்டான்.

தனேஸ்வரன் போவதற்கு முன் ஒரு நல்ல செய்தி சொன்னார். அடுத்த பதிப்பில், பில் இலக்கத்தில் எழுத்து அடித்தால் பில்லரசு அந்த இடத்திலேயே மறிக்கும். பிழை வந்தால் எந்தப் பில், எந்தக் கட்டம் என்றும் சொல்லும்.

"அந்தப் பதிப்பு எவ்வளவு?" என்று கேட்டார் வீரய்யா.

"அதை ஒஃபிசில கேட்டுச் சொல்லுறன் அண்ணை."

இரண்டு வாரம் கழித்து நித்திலா சிஸ்டம்ஸிலிருந்து தடித்த உறை வந்தது. உள்ளே பொறியியலாளர் வருகைக்கான வரிப் பில். பயணம், தங்குமிடம், 'வாடிக்கையாளரின் தரவுப் பிழை திருத்தம்'. வீரய்யா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கனகசபையிடம் நீட்டினார். கனகசபை இந்தத் தடவை முதல் வரி, முதல் கட்டத்திலிருந்து தொடங்கிப் பார்த்தார். பார்த்ததும் பேனாவைத் திறந்தார்.

நான்காவது கடிதம்தான் எல்லாவற்றிலும் சிறியது.

"ஐயா, தாங்கள் அனுப்பிய வரிப் பில் கிடைத்தது. அது கடையில் வாங்கிய பில் புத்தகத்தில், நீல மையால், கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதப்பட்டிருக்கிறது. இதைப் பில்லரசில் போட்டு, பட்டியலை டிஸ்கெட்டில் ஏற்றி அனுப்பிவைத்தால் உடனே கவனிப்போம். முடியாவிட்டால், எந்தத் தரவில் என்ன பிழை என்று எழுதவும். இப்படிக்கு, வீரய்யா."